கேத்திலில் படிந்த கல்

எங்கள் ஊர் வாசிகசாலையின் சிறுவர் பகுதிக்காக, உயர் வகுப்புப் பாடப்பகுதி ஒன்றைத் தரம் 5 பிள்ளைகள் வாசிக்கத்தக்கதாக எழுதித் தரும்படி சென்ற மாரியில் என்னிடம் கேட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்திருப்பதால், சுண்ணக்கல்லை மழைநீர் கரைக்கும் விதத்தைக் கூறும் பகுதியைத் தெரிந்தெடுத்தேன். காபனீரொட்சைட்டு கரைந்த மழைநீர் மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லிலுள்ள கல்சியம் காபனேற்றுடன் தாக்கம் புரிந்து, நீரில் கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றைத் தோற்றுவிக்கிறது என்பதே அதன் சாரம்.

முதலில், "தேநீரில் சீனி கரைவதுபோல மழைநீரில் கல் கரைகிறது" என்று எழுதினேன். வாசிக்க இலகுவாக இருந்தது, ஆனால் பிழை. அதை வெளிப்படுத்தியவள் என் பெறாமகள்.

"சித்தப்பா, சுடுதண்ணியில சீனி கெதியாக் கரையுது. அப்ப கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சா, கேத்திலுக்குள்ள ஏன் வெள்ளையாப் படியுது?"

சீனி கரையும்போது சீனியாகவே இருக்கிறது. நீரைச் சூடாக்கினால் இன்னும் கூடுதலாகக் கரையும். சுண்ணக்கல்லோ, நீரிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறினால்தான் இந்த அளவுக்குக் கரையும். கொதிக்கும்போது அந்த வாயு வெளியேறிவிட, நீர் வற்றுவதற்கு முன்பே கல்சியம் காபனேற்று மறுபடியும் திண்மமாகிப் படிகிறது. படிவின் மேல் தேசிக்காய்ப் புளி விட்டால் அது குமிழியிட்டுக் கரைவதை அவளுக்குக் காட்டினேன். அந்தக் குமிழிகளில் இருப்பதும் காபனீரொட்சைட்டுத்தான்.

ஆகவே சீனியை வெட்டிவிட்டுக் கேத்திலை வைத்தேன். சிறுவருக்கு எழுதுவதென்றால் குறைப்பதுதான் என்று எண்ணியிருந்த நான், ஓரிடத்தில் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் நேர்ந்தது. மழைத்துளி வானில் பெறும் காபனீரொட்சைட்டு மிகக் கொஞ்சம். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் அது பல மடங்கு அதிகம். இதைச் சொல்லாவிட்டால், மழை கல்லை நேரே அரிப்பதாகப் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

"அமிலம்" என்ற சொல்லை நீக்க மனம் வரவில்லை. தோலைச் சுடும் திரவம் என்று அவர்கள் அஞ்சாதிருக்க, "நாக்குக்கே தெரியாத அளவு மெல்லிய அமிலம்" என்று எழுதினேன். கடைசிப் படியை வாசித்தவள், "அப்ப எங்கட கிணறும் கரைஞ்சு போகுமோ?" என்று கேட்டாள். காலத்தைச் சொல்ல மறந்திருந்தேன். முடிவில் அந்தப் பத்தி இவ்வாறு அமைந்தது:

"மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, நாக்குக்கே தெரியாத அளவு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணக்கல்லைத் தொடும்போது, கல்லில் மிகச் சிறிய பங்கு வேறொரு பொருளாக மாறி நீரோடு போகிறது. ஒரு வெடிப்பு குகையாக அகல்வதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அந்த நீரை நீங்கள் கொதிக்க வைத்தால், வாயு பறந்துவிடும். கல் கேத்திலில் படியும்."