பாம்பன் பஸ்ஸில் திறக்காத பக்கம்

மண்டபம் ஊரில் கருவாடு போடும் அக்கா ஒருவருக்கு நான் செய்து கொடுத்த முதல் லேண்டிங் பேஜை, அதாவது விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் பக்கத்தை, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மேலே அசையும் ஐந்து படங்கள், நடுவில் "எங்கள் கதை", கீழே வாடிக்கையாளர் கருத்துகள், போதாததற்குத் தள்ளுபடிக் கூப்பன் நீட்டும் ஒரு பெட்டி. ராமநாதபுரத்தில் என் மேசையில், வைஃபையில், பெரிய திரையில் அது நன்றாகத்தான் இருந்தது. அக்காவும் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது தம்பி" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விளம்பரம் இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் ஓடியது. உள்ளங்கை நிறைய நெத்திலிக் கருவாடு, பின்னால் கடல். பத்து வினாடி வீடியோ. ஒரு வாரம் கழித்துக் கணக்கைத் திறந்தால், விளம்பரத்தைத் தட்டியவர்கள் 840 பேர். ஆர்டர் கொடுத்தவர்கள் ஆறு பேர். கருவாட்டுக்கு ஆன்லைனில் கிராக்கி இல்லை போலிருக்கிறது என்று அக்கா சொல்லத் தொடங்கினார். நானும் விளம்பரத்தை வேறு ஊர்களுக்குத் திருப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறைப் பார்த்த கண், அதற்குப் பக்கத்து எண்ணைப் பார்க்கவில்லை.

விளம்பரக் கணக்கில் `Link clicks` என்று ஒன்று இருக்கும், `Landing page views` என்று இன்னொன்று இருக்கும். முதலாவது, தட்டிய விரல்களின் கணக்கு. இரண்டாவது, பக்கம் திறந்து, வந்தவரை விளம்பரக் கணக்குக்குச் சொல்லும் பிக்சல் என்ற சிறு நிரல் ஓடிய பிறகே கூடுவது. எங்களுக்கு 840க்கு எதிரே 410 நின்றது. பாதிப் பேர் எங்கள் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இந்த இடைவெளி முழுவதையும் வேகக் குறைவின் தலையில் கட்டிவிட முடியாது. கை தவறித் தட்டியவர்கள் இருப்பார்கள், கண்காணிப்பைத் தடுத்து வைத்த போன்கள் இருக்கும். ஆனால் பாதி என்பது கை தவறிய கணக்கு அல்ல.

அன்று மாலை ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கையில் அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போன். பக்கத்தின் முகவரியை இன்ஸ்டாகிராமில் எனக்கு நானே அனுப்பி, அங்கிருந்து தட்டினேன். இப்படிச் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. விளம்பரத்தைத் தட்டுகிறவருக்குப் பக்கம் குரோமில் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவியில் திறக்கிறது. குரோமில் சேமித்து வைத்த பெயர், முகவரி, கடவுச்சொல் எதுவும் பெரும்பாலும் அங்கே வராது. குரோமில் மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்வது, வாசற்படியைப் பார்க்காமல் வீடு பார்த்த கதைதான்.

வெள்ளைத் திரை. பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஏறும்போதும் வெள்ளைத் திரை. பிறகு மேல்பட்டை வந்தது. எழுத்துகள் வந்தன, மறைந்து வேறு வடிவத்தில் திரும்ப வந்தன. கடைசியில் முதல் படம் இறங்கியபோது அதுவரை இருந்த எல்லாவற்றையும் கீழே தள்ளியது. "வாங்க" என்ற பொத்தானைத் தொடப் போன என் விரல் "எங்கள் கதை"யைத் தொட்டது. ஜன்னல் வெயிலில், வெள்ளையின் மேல் மெல்லிய சாம்பல் நிறத்தில் நான் ஆசையாகப் போட்ட விலை கண்ணுக்கே தெரியவில்லை. பாலத்தின் இரு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவராவது அந்தப் பக்கத்துக்காகக் காத்திருப்பாரா என்று கேட்டுக்கொண்டேன். நானே காத்திருக்கவில்லை. போனை மடியில் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து செய்த முதல் வேலை வெட்டுவது. அசையும் படங்கள் போய் ஒரே படம் நின்றது. போனில் எடுத்து அப்படியே ஏற்றியிருந்த 4 எம்பி படத்தை 720 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி வடிவில் மாற்றினேன். 60 கேபிக்குள் வந்துவிட்டது. அலங்காரத் தமிழ் எழுத்துருவை எடுத்தேன். ஆண்ட்ராய்டு போன்களிலேயே தமிழ் எழுத்துரு இருக்கும்போது இன்னொன்றை இறக்க வைப்பது வீண். கூப்பன் பெட்டி, அரட்டைப் பெட்டி எல்லாம் போயின. நான் வாங்கியிருந்த டெம்ப்ளேட், முதல் படத்தையும் சேர்த்து எல்லாப் படங்களையும் பிறகு வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தது. கீழே உள்ள படங்களுக்கு அது நல்லது. கண்ணில் முதலில் பட வேண்டிய படத்துக்கு அதுவே தடை. ஆகவே அந்தப் படத்துக்கு மட்டும் முன்னுரிமை கேட்டு இப்படி எழுதினேன்:

```html
<img src="nethili.webp" width="720" height="720"
     fetchpriority="high" alt="நெத்திலிக் கருவாடு">
```

அகலமும் உயரமும் எழுதி வைத்தால் படத்துக்கான இடத்தை உலாவி முன்கூட்டியே ஒதுக்கிவிடும்; படம் வரும்போது பொத்தான் நகராது. முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அம்மாவின் போனில் பஸ்ஸில் அது எப்போதும் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளைத் திரை போய்விட்டது. அடுத்த வாரம் 100 பேர் தட்டினால் 75 பேருக்கு மேல் உள்ளே வந்தார்கள்.

ஆர்டர் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. இரண்டாவது பாடம் அங்கே இருந்தது. அதைக் காட்டியவர் அக்காவின் மகள். விளம்பரத்தின் கீழே வந்த கமெண்ட்களுக்கு எல்லாம் பதில் எழுதுவது அந்தப் பெண்தான். "அண்ணா, எல்லோரும் ஒரே நாலு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்" என்று போனை நீட்டினாள். விலை என்ன? மண் இருக்குமா? பார்சல் நாறுமா? கோயம்புத்தூருக்கு வருமா? இந்த நாலுக்கும் பக்கத்தில் பதில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. விலை மூன்றாவது திரையில். மண் பற்றிய பதில் "எங்கள் கதை"யின் நாலாவது பத்தியில். டெலிவரிச் செலவு, முகவரி முழுவதும் எழுதிய பிறகு.

விளம்பரத்திலிருந்து வருகிறவர் கடை தேடி வந்தவர் அல்லர். மதியச் சாப்பாட்டு வரிசையிலோ பிள்ளையைப் பள்ளியில் கூட்டிவரக் காத்திருக்கும்போதோ, எதையோ பார்த்துக்கொண்டிருந்தவரின் கட்டைவிரல் ஒரு கணம் நின்றிருக்கிறது. அந்தக் கணத்தில் அவர் மனத்தில் எழுந்த கேள்வி எதுவோ, அதற்குப் பதில் முதல் திரையில் இல்லையென்றால் போய்விடுவார். ஆகவே கமெண்ட் பெட்டியையே முதல் திரையாக எழுதினோம். மேலே விளம்பரத்தில் இருந்த அதே உள்ளங்கை, அதே நெத்திலி. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று கண் முதலில் நம்ப வேண்டும். அதன் கீழே: "தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு, அரைக் கிலோ ₹380. கூரியர் செலவு சேர்த்து." அடுத்த வரி: "மணலில் அல்ல, வலைப்பரணில் காய வைத்தது." அடுத்து: "காற்றை உறிஞ்சிக் கட்டிய இரட்டைப் பை." பிறகு பொத்தான். "நாலு தலைமுறைப் பாரம்பரியம்" என்ற என் வரியை அக்காவே எடுக்கச் சொன்னார். "பாரம்பரியமாக மணலில்தானே போட்டோம் தம்பி" என்றார்.

கூரியர் செலவை விலைக்குள் அடக்குவதில் அவருக்கு முதலில் மனமில்லை. ₹320 என்று போட்டால் மலிவாகத் தெரியுமே என்றார். மலிவாகத் தெரியும்தான். கடைசிப் படியில் ₹60 கூடும்போது, ஏற்கெனவே அவசரத்தில் இருப்பவர் அதை ஏமாற்று என்று நினைத்து மூடிவிடுவார். பழைய பக்கத்தில் அதிகம் பேர் விட்டுப்போனது அந்தப் படியில்தான்.

பிறகு படிவம். முன்பு ஒன்பது கட்டங்கள் இருந்தன. போன் எண், முகவரி, எத்தனை பொட்டலம் என்று மூன்றாகக் குறைத்தேன். எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைப்பலகையே வரும்படி `inputmode="numeric"` போட்டேன். சின்ன விஷயம்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. யுபிஐ பொத்தானையும் எடுத்துவிட்டேன். செயலிக்குள் இருக்கும் உலாவியில் `upi://` என்று தொடங்கும் இணைப்பைத் தட்டினால் பணச் செயலி திறக்காமல், அம்மாவின் போனில் `ERR_UNKNOWN_URL_SCHEME` என்று வந்து நின்றது. பணம் கட்டத் தயாராக வந்தவரை இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்குப் பார்சல் வந்ததும் பணம்.

ஆர்டர் மளமளவென்று ஏறியது. முதல் வாரம் 41. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். பதினான்கு பொட்டலங்கள் திரும்பி வந்திருந்தன. சிலர் போன் எடுக்கவில்லை, சிலர் தட்டியதையே மறந்துவிட்டார்கள், ஒருவர் குழந்தை விளையாட்டாகத் தட்டியது என்றார். போன கூரியரும் வந்த கூரியரும் அக்கா தலையில். பத்து நாள் வண்டியிலும் கிடங்கிலும் கிடந்த கருவாட்டை மறுபடி விற்க அவருக்கு மனம் வராது.

ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறக்கியதில் நான் அவசரக்காரர்களுக்கு மட்டும் வழி விடவில்லை, எண்ணமே இல்லாதவர்களுக்கும் விட்டிருந்தேன். அதைவிட மோசமான ஒன்று பின்னால் நடந்துகொண்டிருந்தது. படிவத்தை அனுப்பியதுமே "விற்பனை ஆயிற்று" என்று பிக்சல் வழியே சொல்லி வைத்திருந்தேன். நாம் எதை விற்பனை என்று சொல்கிறோமோ, அதைச் செய்யக்கூடியவர்களைத்தான் விளம்பர அமைப்பு தேடிப்பிடிக்கிறது. வாங்காமல் படிவம் மட்டும் நிரப்புகிறவர்களை நாங்களே காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

கட்டங்களை மீண்டும் கூட்டவில்லை. மாற்றியது அதற்கு அடுத்த படியை. படிவம் அனுப்பியதும் வரும் திரையில், "இன்று மாலை 4 முதல் 7 மணிக்குள் மண்டபத்திலிருந்து அழைப்போம். ஆர்டரை அப்போது உறுதி செய்தால் போதும்" என்று எழுதினோம். அக்காவின் மகள் கல்லூரியிலிருந்து வந்து அழைப்பாள். இரண்டு முறை எடுக்காவிட்டால் பொட்டலம் கட்டுவதில்லை. "விற்பனை" என்ற தகவலும் அழைப்பில் உறுதியான பிறகே விளம்பரக் கணக்குக்குப் போகும்படி மாற்றினேன். படிவம் அனுப்புவது வெறும் விசாரிப்பாகப் பதிவாகிறது. அடுத்த மாதம் கணக்கில் ஆர்டர் எண்ணிக்கை குறைந்து தெரிந்தது. திரும்பி வந்தவை மூன்று.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஒரு நாளில் நாற்பது பேரை அழைக்கலாம். நானூறு பேரை அந்தப் பெண்ணால் அழைக்க முடியாது. காலையில் படிவம் நிரப்பியவருக்கு மாலைக்குள் ஆசை ஆறிப்போவதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் வரத்துக் குறையும்போது இருப்பு தீர்ந்த பிறகும் விளம்பரம் ஓடிவிட்டால், வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லவும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு முறை அப்படி இரண்டு நாள் ஓடவிட்டேன். இப்போது பொட்டலம் இருபதுக்குக் கீழே போனால் விளம்பரத்தை நிறுத்தும் பொறுப்பை அக்காவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கமெண்ட் பெட்டியில் விலை கேட்பவர்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டார்கள். போன வாரம் திருக்கைக் கருவாடு கிடைக்குமா என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். நெத்திலிப் பக்கத்திலேயே ஒரு படத்தைச் சேர்த்துவிடலாமே என்றார் அக்கா. வேண்டாம், திருக்கைக்குத் தனி விளம்பரம், தனிப் பக்கம் என்றேன். அம்மாவின் போனை மறுபடி சார்ஜில் போட்டிருக்கிறேன்.