தெருப் புலம்பலில் இருந்து ஒரு தண்ணீர் மணி

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வரும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கா விடியற்காலை நான்கு மணிக்கா என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வந்தால் அடிக்கும் மணி ஒன்றை இப்போது செய்து விற்கிறேன், ஆனால் நான் இதில் ஆரம்பிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்துச் செய்த இரண்டு பொருள்கள் விற்காமல் போன பிறகு, மூன்று வாரம் ஒரு நோட்டு போட்டேன். மளிகைக்கடையிலும் இஸ்திரி வண்டி பக்கத்திலும் காதில் விழுந்த புலம்பலை எல்லாம் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். நாய், கொசு, கேட்டுக்கு முன்னால் பைக் நிறுத்துவது, குப்பை வண்டி எப்போது வரும் என்று தெரியாதது என்று அறுபதுக்கு மேல் சேர்ந்தது.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்காக இவர்கள் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டம் போட்டேன். எனக்கு உதவியது இந்தக் கட்டம்தான். தெருவே கத்திய நாய்த் தொல்லைக்கு எதிரே ஒன்றும் இல்லை, யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்கவில்லை. அவ்வளவாகச் சத்தம் போடாத தண்ணீர் விஷயத்தில் கட்டம் நிரம்பி வழிந்தது. ஒரு வீட்டில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அலாரம் வைத்து முறை போட்டு எழுந்திருக்கிறார்கள். மூலைவீட்டு அக்கா குழாயைத் திறந்து விட்டு, கீழே எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குவார், தண்ணீர் விழுந்தால் சத்தத்தில் விழித்துக்கொள்ளலாம் என்று. கடைசி வீட்டுப் பாட்டி, தெருவில் இருக்கும் வாட்ச்மேனுக்கு மாதம் 150 ரூபாய் கொடுக்கிறார்.

"இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா" என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் எல்லோரும் நல்ல மனதோடு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன தடவை தண்ணீர் தவறியபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு ஆனது என்று மட்டும் கேட்டேன். கேன் தண்ணீர், லாரித் தண்ணீர், வேலைக்கு அரை நாள் லீவு என்று கணக்கு தானாக வந்தது. அதன் பிறகு, தண்ணீர் வந்தால் படுக்கையறையில் மணி அடிக்கும், விலை 900, இப்போது 300 முன்பணம், ஒரு மாதத்தில் தராவிட்டால் திருப்பித் தருகிறேன் என்றேன். நல்ல ஐடியா என்றவர்கள் பத்தொன்பது பேர், பணம் எடுத்துக் கொடுத்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரை மட்டும் நம்பிச் செய்தேன்.

முதலில் குழாயில், தண்ணீர் ஓடினால் உள்ளே சக்கரம் சுற்றித் தெரிவிக்கும் ஃப்ளோ சென்சர் மாட்டினேன், அது தப்பாகப் போனது. நாள் கணக்கில் காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்றுதான் வரும், அந்தக் காற்றே சென்சரின் சக்கரத்தைச் சுற்றிவிடும். ராத்திரி ஒன்றரைக்கு மணி அடித்து, எழுந்து போனால் குழாயில் உஸ் என்ற சத்தம் மட்டும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சரி, அக்காவின் தட்டுக்கே திரும்பினேன். குழாய்க்குக் கீழே ஒரு வாளி, அதன் உள்பக்கம் இரண்டு விரல் உயரத்தில் இரண்டு கம்பிகள், தண்ணீர் இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும், கடையில் வாங்கிய வயர்லெஸ் காலிங் பெல் அடிக்கும். காற்று ஏமாற்ற முடியாது, பிளம்பரும் தேவையில்லை. செம்புக் கம்பி மூன்று வாரத்தில் பச்சை பூத்து அரித்துப்போனது, காரணம் நனைந்திருக்கும் நேரமெல்லாம் அதில் ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவுக்கு மாறி, ஐந்து வினாடிக்கு ஒருமுறை கண நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி ஒரு சின்ன சிப் சேர்த்த பிறகு அரிப்பு கண்ணில் படுகிற அளவுக்கு இல்லை, பேட்டரியும் நீடிக்கிறது. திறந்த முற்றத்தில் வைத்தவர்கள் வீட்டில் மழைக்கும் மணி அடித்தது, அதனால் வாளிக்கு மூடி போட்டுக் குழாய்க்கு மட்டும் துளை விட்டேன்.

இதுவரை எங்கள் தெருவிலும் பின் தெருவிலுமாக 31 விற்றிருக்கிறேன். நேரம் தவறாமல் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் பக்கத்து நகரில் ஒன்றுகூடப் போகவில்லை, அங்கே இதற்கு வேலையே இல்லை.

மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்த பாட்டிதான் முதலில் வாங்குவார் என்று நினைத்திருந்தேன், அவர் வாங்கவில்லை. வாட்ச்மேன் கதவைத் தட்டுவதோடு குடங்களைப் பிடித்து உள்ளேயும் வைத்துவிட்டுப் போகிறார், அதை நான் கேட்டு எழுதாமல் விட்டிருக்கிறேன். "மணி அடிச்சா போதுமா தம்பி, குடத்தை யார் தூக்குறது?" என்றார். புது நோட்டின் முதல் வரியாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.