கீழறையில் ஊறும் தண்ணீர்

ஜனவரி 9, சாட்ஸ்வொர்த்

மழை விட்டு மூன்று நாளாகியும் கீழறைத் தரை காயவில்லை. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, மேட்டுப்பக்கம் வெளித்தரையைவிட அறைத்தரை இரண்டடி தாழ்வு. "ஜன்னலைத் திறந்து வைடா, ஈரக்காற்றுதான்" என்கிறார் அம்மா. வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன், முள் நகரவில்லை, ஆக குழாய்க் கசிவு இல்லை. சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரி 11

தாளின் உள்பக்கம், சுவரைத் தொட்ட பக்கத்தில்தான் முத்து முத்தாகத் தண்ணீர். காற்றீரமாக இருந்தால் வெளிப்பக்கம் படிந்திருக்கும். மேட்டுச்சுவரும் தரையும் சேரும் மூலையைத் துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி கசிகிறது. போன வருஷம் அடித்த வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் கொப்புளித்து உரிகிறது, பின்னாலிருந்து தண்ணீர் தள்ளினால் எந்தப் பெயின்ட்தான் நிற்கும்?

ஜனவரி 18

அந்த மூலையில் தரையை உடைத்து 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் சம்ப், ஊறும் தண்ணீர் வந்து சேரும் குழி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம், அதைச் சுற்றி வடிகட்டித் துணி, அப்புறம் ஜல்லி. சுவரோரம் சின்னக் கால்வாய் வெட்டி அதில் சேர்த்தோம், இல்லாவிட்டால் தண்ணீர் குழிக்கு வராமல் தரைக்கடியிலேயே சுற்றும். மிதவை சுவிட்ச் வைத்த பம்ப், தண்ணீர் திரும்பாமல் ஒருவழி வால்வு. பம்ப் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில்தான் விட வேண்டும், கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது.

முதல் நாள் தண்ணீர் கலங்கலாக வந்ததும் பயந்துவிட்டேன். பம்ப் தினமும் மண்ணை இழுத்தால் அஸ்திவாரத்துக்குக் கீழே வெற்றிடம் விழும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பார்த்தேன், மூன்றாம் நாள் அடியில் வண்டல் இல்லை.

ஜனவரி 20

பம்பை நிறுத்தி அளந்தேன். 5 நிமிடத்தில் 10 செ.மீ. ஏறியது, கிட்டத்தட்ட 12.5 லிட்டர், அதாவது மணிக்கு 150 லிட்டர். கரண்ட் போனால் அரை மணிக்குள் குழி நிரம்பிவிடும். லோட் ஷெடிங் பார்த்த ஊரில் பம்பை மட்டும் நம்ப முடியாது.

பிப்ரவரி 2

வெளியே, மேட்டுச்சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 12 மீட்டர் நீளத்தில் பள்ளம். அறைத்தரையைவிடத் தாழ்வு, ஆனால் அஸ்திவார அடிமட்டத்துக்கு மேலே. அதைத் தாண்டித் தோண்டுவது ஆபத்து என்று பக்கத்து வீட்டு அண்ணன் கயிறு கட்டிக் காட்டினார். துணி விரித்து, ஜல்லி போட்டு, ஓட்டைக்குழாயை மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் வைத்து, மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி மண். கூரைத் தண்ணீர் இத்தனை வருஷமும் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது! அதற்குத் தனிக்குழாய் போட்டோம்.

பிப்ரவரி 16

இரண்டு நாள் விடாத மழை. அதே 10 செ.மீ. ஏற இப்போது 25 நிமிடம், மணிக்கு 30 லிட்டர். வெளிக்குழாய் முனையில் நூல்போலத் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது. அம்மா அரிசி மூட்டையைக் கீழறைக்கே கொண்டுபோகச் சொல்கிறார், செங்கல்மேல் பலகை போட்டுத்தான் வைப்பேன்.