ரிமோட் குழுவில் புதியவருக்கு முப்பது நாள் திட்டம்: எங்கே நின்றுபோனது, எப்படித் திருத்தினோம்

எட்டு பேர் கொண்ட சின்ன மென்பொருள் குழு. ஆளுக்கொரு ஊர், சிலர் வேறு நாடு. புதிதாகச் சேரும் டெவலப்பருக்காக முப்பது நாள் ஆன்போர்டிங் திட்டம் ஒன்று போட்டோம். அது மூன்றாவது நாளே நின்றுவிட்டது. நின்றது எங்களுக்குத் தெரிந்ததோ பத்தாவது நாள். அலுவலகத்தில் என்றால் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பார். ரிமோட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பதும் மும்முரமாகப் படித்துக்கொண்டிருப்பதும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டு பேருக்குமே சாட்டில் பச்சைப் புள்ளி எரியும்.

லேப்டாப் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒப்பந்தம், சம்பளக் கணக்கு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் தப்பு நாள் கணக்கில். முப்பது நாள் என்று சொல்லிவிட்டு அட்டவணையில் முப்பது வரிகள் எழுதினோம், ஒரு நாளுக்கு ஒரு வரி. திங்கட்கிழமை சேருபவருக்கு முப்பது காலண்டர் நாளில் கிடைப்பது அதிகபட்சம் 22 வேலை நாட்கள். அதிலும் அவருக்கான விடுமுறையும் குழுவில் மற்றவர்களுக்கான விடுமுறையும் வேறு வேறு தேதிகளில் வரும். அந்த அட்டவணையை அப்படியே நடத்தியிருந்தால் ஆறு வாரம் ஆகியிருக்கும். இப்போது 18 வேலை நாட்களுக்கு மட்டும் வேலை எழுதுகிறோம், மீதியை வெற்றாக விடுகிறோம். வெற்று நாட்கள் எப்படியும் நிரம்பிவிடும்.

பெரிய அடி விழுந்தது அனுமதிகளில். பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்து, கிட்ஹப் அழைப்பைச் சேரும் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டோம். நிறுவனக் கணக்கில் சேர கிட்ஹப் அனுப்பும் அழைப்பு ஏழு நாளில் காலாவதியாகும். முதல் நாள் காலை புதியவர் லிங்க்கைத் திறந்தபோது அது செல்லுபடியாகவில்லை. திரும்ப அனுப்ப வேண்டிய அட்மின் இருக்கும் இடத்தில் விடிய இன்னும் நேரம் இருந்தது. அரை நாள் போயிற்று.

அடுத்த நாள் இன்னொரு சிக்கல். எஸ்எஸ்ஹெச் சாவியைச் சேர்த்துச் சோதித்தார், கிட்ஹப் பெயர் சொல்லி வரவேற்றது. எங்கள் வழிகாட்டி அந்த இடத்தில் “அனுமதி சரி, அடுத்த படிக்குப் போகவும்” என்று எழுதியிருந்தது. ஆனால் குளோன் ஆகவில்லை. கீழே உள்ள இரண்டு கட்டளைகளும் ஒன்றல்ல என்பதை வழிகாட்டி எழுதியவர் கவனிக்கவில்லை.

```
ssh -T git@github.com
git ls-remote git@github.com:ORG/REPO.git
```

முதலாவது, நீங்கள் யார் என்பதை மட்டும் உறுதி செய்யும். குறிப்பிட்ட களஞ்சியத்தை உங்களால் படிக்க முடியுமா என்பதை இரண்டாவதுதான் காட்டும். அனுமதி இல்லாத தனியார் களஞ்சியத்துக்கு வரும் பதில் இதுதான்:

```
ERROR: Repository not found.
```

இதைப் பார்க்கும் புதியவர், பெயரைத் தப்பாக அடித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைப்பார். எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார். தன் மேல் தப்பு என்று எண்ணுவதால் யாரிடமும் கேட்கவும் மாட்டார். இங்கே உண்மையில் அவர் எந்த டீமிலும் சேர்க்கப்படவில்லை. அதைச் சரிசெய்த பிறகு வேறொரு பிழைச் செய்தி வந்தது: நிறுவனம் ஒற்றை உள்நுழைவைக் கட்டாயமாக்கியிருந்ததால், சாவிக்குத் தனியாக அங்கீகாரம் தேவைப்பட்டது. சாவிகள் பட்டியலில் அந்தச் சாவிக்குப் பக்கத்தில் இருக்கும் `Configure SSO` பொத்தானில் அதைச் செய்ய வேண்டும். செய்ய ஒரு நிமிடம்தான். கண்டுபிடிக்க முழு நாள்.

இப்போது அனுமதிப் பட்டியலைத் தலைகீழாகத் தயாரிக்கிறோம். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் எடுத்து, அதைச் செய்ய எந்த அமைப்புக்குள் போக வேண்டும், அந்த அனுமதியைத் தருபவர் யார், போன முறை எத்தனை நாள் எடுத்தார் என்று எழுதுகிறோம். மூன்று நாள் எடுக்கும் அனுமதி என்றால் அது தேவைப்படும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே கோரிக்கை போகும். “பழைய ஆளுக்கு இருப்பதை அப்படியே கொடுங்கள்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழையவர் பல வருடங்களில் சேர்த்துவைத்த புரொடக்‌ஷன் உரிமைகளும் புதியவருக்குப் போய்விடும். அதே நேரத்தில், பழையவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுக்கப்பட்டு எந்தக் குழுப் பட்டியலிலும் இல்லாத அனுமதிகள் விட்டுப்போகும்.

நேர வித்தியாசத்துக்கு வருகிறேன். புதியவர் குழுவில் பெரும்பாலானோரைவிட நாலரை மணி நேரம் முன்னதாக வேலையைத் தொடங்குவார். எட்டரை மணி நேர வேலை நாளில் சேர்ந்திருக்கும் நேரம் நான்கு மணி. ஆக, காலையில் ஒரு சந்தேகம் வந்தால் பதிலுக்கு நாலரை மணி காத்திருக்க வேண்டும். நாங்கள் செய்த தவறு, அந்த நான்கு மணியை அறிமுகக் கூட்டங்களால் நிரப்பியது. காலையில் தனியாக மாட்டிக்கொள்வார், மதியம் கேட்கலாம் என்றால் வரிசையாகக் கூட்டங்கள். இப்போது பொதுநேரத்தில் ஒரு நாளுக்கு ஒரு கூட்டம்தான், அதுவும் நாற்பது நிமிடம். பொதுநேரத்தின் முதல் அரை மணியில் எதுவும் வைப்பதில்லை, அது காலையில் சேர்ந்த கேள்விகளுக்கு. தனி நேரத்துக்கு எப்போதும் இரண்டு வேலைகள் கையில் இருக்கும்படி பார்க்கிறோம். ஒன்று நின்றால் மற்றதுக்கு மாறலாம். இரண்டும் ஒரே ஆளின் பதிலை நம்பி இருக்கக் கூடாது.

அட்டவணையின் வரிகளிலேயே ஒரு கோளாறு இருந்தது. நான்காம் நாளுக்கு “பில்லிங் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்” என்று இருந்தது. புரிந்துகொண்டாரா என்று யார், எப்படிச் சொல்வது? அவர் ஆவணங்களைப் படித்தார், பெட்டியில் டிக் செய்தார். அப்படி ஐந்து டிக்குகள் விழுந்தன, நாங்களும் பார்த்துத் திருப்தியானோம். இப்போது புதியவருக்கு உதவக் குழுவிலிருந்து ஒருவரைத் துணையாளாக வைக்கிறோம், அந்த வரியும் இப்படி இருக்கிறது: “ஓர் ஆர்டருக்குப் பணம் கட்டியதிலிருந்து இன்வாய்ஸ் போகும்வரை எந்தெந்த சர்வீஸ்கள் வழியாகப் போகிறது என்று ஒரு பக்கத்தில் வரையவும். துணையாள் அதில் தவறுகளைக் குறித்துத் தருவார்.” வரைந்த படம் நாள் முடிவில் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் மறுநாளே தெரிந்துவிடும். படத்தில் தப்பு இருப்பது நல்லது, எந்த ஆவணம் அவரைத் தவறாக வழிநடத்தியது என்று அதில் பிடிபடும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள்: என்ன வேலை, யார் துணை, எந்தத் தேதி, முடிந்ததற்கு அடையாளமாக எது இருக்கும். நான்காவது கட்டத்தை நிரப்ப முடியாத வரியை அழித்துவிடுகிறோம்.

முதல் உண்மையான வேலையைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதிக நாள் வீணாயிற்று. பணம் திருப்பித் தரும் விவரங்களுக்கு ஒரு புது அறிக்கை செய்யச் சொன்னோம். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் தரவு இன்னொரு டீமிடம், திரை வடிவம் வேறொருவரிடம், “திருப்பித் தந்தது” என்பதற்கு இரண்டு விதமான விளக்கங்கள். முன்பின் தெரியாத மூன்று பேரிடம் போய்க் கேட்டு, முரணான பதில்களில் எது சரி என்று முடிவெடுப்பது சேர்ந்து ஒரு வாரம் ஆனவர் செய்யக்கூடிய காரியமல்ல. அதை நிறுத்தி, ஏற்றுமதிக் கோப்பில் தேதி தப்பான வடிவத்தில் வரும் பிழையைக் கொடுத்தோம். இரண்டு கோப்புகளில் மாற்றம், ஒரு டெஸ்ட், மொத்தம் முப்பது வரிக்குள். இரண்டு நாளில் புரொடக்‌ஷனுக்குப் போனது.

அதிலிருந்து முதல் வேலைக்கு இந்த அளவுகோலை வைத்திருக்கிறோம்: குழுவில் அனுபவமுள்ளவர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதாக இருக்க வேண்டும், ஒரே களஞ்சியத்துக்குள் அடங்க வேண்டும், சரியானதா என்று சொல்ல ஒரே ஆள் போதுமானதாக இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. ரிவ்யூ செய்பவர் பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், ஒரு வேலை நாளுக்குள் பார்த்துவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருப்பார். அதற்கும் முன்னால், இரண்டாம் நாளிலேயே ஒரு மாற்றம் அனுப்ப வைக்கிறோம். அது நிரல் மாற்றம் அல்ல, அமைப்பு வழிகாட்டியில் அவர் எங்கே தடுக்கினாரோ அந்த இடத்தைத் திருத்தும் மாற்றம். பழையவர்களின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால் அந்த ஓட்டைகள் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. கிளை எடுப்பது, அனுப்புவது, ரிவ்யூ, சேர்ப்பது என்று முழுச் சுற்றையும் அவர் ஆபத்தில்லாத ஒன்றில் ஒருமுறை பார்த்துவிடுவார்.

கேள்வி கேட்பதற்கு விதி வேண்டும். “எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று நாங்கள் சொன்னது உதவவில்லை. அவர் யாருக்கும் தொந்தரவு தர விரும்பாமல் அடக்கியே வைத்திருந்தார். அரை மணிக்கு மேல் நகரவில்லை என்றால் எழுதியே ஆக வேண்டும் என்று இப்போது திட்டத்திலேயே இருக்கிறது. எழுதும்போது மூன்று விஷயம்: என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தேன். தனிச் செய்தியில் வேண்டாம், குழுவின் சேனலில். தனிச் செய்தியில் கொடுத்த பதில் அங்கேயே புதைந்துவிடும், கேட்கப்பட்டவர் தூங்கிக்கொண்டிருந்தால் பதிலே வராது. முதல் வாரத்தில் துணையாளும் தன் சந்தேகம் ஒன்றை அதே சேனலில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பழையவர்களும் கேட்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் புதியவர் கேட்க ஆரம்பித்தார்.

மேனேஜர் சந்திப்பு 3, 7, 14, 30 ஆகிய நாட்களில். ஏழாம் நாள் “எப்படிப் போகிறது?” என்று கேட்டதற்கு “நன்றாகப் போகிறது” என்றார் புதியவர், அன்றுவரை அவரால் ப்ராஜெக்ட்டை ஓட்டவே முடியவில்லை. கேள்வியில்தான் குறை. பத்தாம் நாள் துணையாள் வேறு விதமாகக் கேட்டார்: “நேத்து எந்த இடத்துல அரை மணிக்கு மேல நின்னீங்க?” உடனே நான்கு இடங்கள் வெளியே வந்தன. அந்தக் கேள்வியைத்தான் இப்போது எல்லாச் சந்திப்புகளிலும் முதலில் கேட்கிறோம்.

துணையாள் என்பவர் மேனேஜராக இருக்கக் கூடாது, அவருக்கு நேரமும் ஒதுக்க வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி, இரண்டாம் வாரம் அரை மணி, பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. அந்த நேரத்தை அவருடைய ஸ்பிரிண்ட் கணக்கிலிருந்து கழிக்காவிட்டால் மூன்றாம் நாளே அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாற்று ஆள் பெயரும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எங்கள் துணையாள் ஆறாம் நாள் உடல்நலமில்லாமல் விடுப்பில் போனார், இரண்டு நாள் புதியவருக்கு யாரிடம் போவதென்றே தெரியவில்லை.

முப்பதாம் நாள் சந்திப்பில் அவர் தனியாகச் செய்யக்கூடியவை, துணையோடு செய்யக்கூடியவை, இன்னும் தொடாதவை என்று மூன்று பத்திகள் எழுதினோம். பிறகு அட்டவணையை அவரிடமே திருத்தக் கொடுத்தோம். அவர் முதலில் சேர்த்த வரி: “கிட்ஹப் அழைப்பு முதல் நாள் பொதுநேரத்தில் மட்டும். அனுப்புபவர், `git ls-remote` ஓடி முடியும்வரை வீடியோ காலில் கூடவே இருக்க வேண்டும்.”