ஐந்து ஃப்ரேம் இடைவெளி

கோத்தகிரியில் எடுத்த ஒரு சின்ன பட்ஜெட் படத்தில் இணை இயக்குநராக வேலை பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்த கணவன் மனைவி, முக்கால் ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கடன், அவ்வளவுதான் கதை. காதல் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கெமிஸ்ட்ரி என்றதும் நமக்கு மழையும் பார்வையும்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே அடுப்படியில் நடமாடும் இரண்டு பேரிடம் அதைக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் படத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சென்னையில் ஆடிஷன் வைத்தோம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்க வைத்து, எதிர் வசனத்தை நானே படித்துக்கொடுத்து, நடிகர்களில் சிறந்தவர், நடிகைகளில் சிறந்தவர் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்ததும் காட்சி செத்துவிட்டது. டைரக்டர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்தை மட்டும் பார்த்தேன். நடிகர் தன் வசனத்தை ஒரு ராகமாகவே மனப்பாடம் செய்திருந்தார். அந்தப் பெண் கோபமாகச் சொன்னாலும் சரி, அழுதுகொண்டே சொன்னாலும் சரி, இவர் பதில் அதே ராகத்தில் வந்தது. அவர் கேட்கவே இல்லை, தன் முறை வரும்வரை காத்திருந்தார். அந்தப் பெண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். தனித்தனியாக எடுத்த ஆடிஷனில் இது வெளியே தெரியவே வாய்ப்பில்லை, ஏனென்றால் எதிரில் இருந்தது நான், என்னை யாரும் கவனிக்க வேண்டிய அவசியமில்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். மூன்று நடிகைகள், இரண்டு நடிகர்கள், ஆக ஆறு ஜோடி. கேமராவைப் பக்கவாட்டில் அசையாமல் வைத்து, இருவரும் முழுசாகத் தெரியும் டூ ஷாட்டில் ஒரே காட்சியை மூன்று தடவை எடுத்தோம். மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நடுவில் ஏதாவது சின்னதாக மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு நடிகர் பாதிப் பேச்சில் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தார். எதிரில் இருந்த பெண், எங்கள் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்தவர், பேசிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தார், அடுத்த வரியின் வேகம் குறைந்தது. அந்த இரண்டு பேரையும் எடுத்தோம். இந்த நடிகரும் தனியாகப் பார்த்தபோது எங்கள் முதல் தேர்வு இல்லை.

இதை இன்னும் கறாராக அளக்க ஒரு வழி இருக்கிறது. பத்து மொழிகளில் கேள்வி பதில்களை அளந்த ஒரு மொழியியல் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, அதனால் இது ஐந்து ஃப்ரேம். ஆனால் ஒரே ஒரு வார்த்தை சொல்லத் தயாராகவே மூளைக்கு அரை நொடிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் அவர் எங்கே போகிறார் என்று புரிந்துகொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறக்கத் தயாராகிவிடுகிறோம். அந்தப் புரிதல் முகத்தில் வந்து போவதைத்தான் பார்க்கிறவர்கள் கெமிஸ்ட்ரி என்கிறார்கள் என்பது என் கணிப்பு. மனப்பாடத்தில் நிற்கும் நடிகர் கடைசி வார்த்தைக்காகக் காத்திருப்பார், அது காதில் விழுந்த பிறகுதான் கண் அசையும். எங்கள் முதல் ஜோடியின் இடைவெளியை எடிட்டிங் டைம்லைனில் எண்ணிப் பார்த்தேன், பதினைந்து, பதினாறு, பதினைந்து என்றே வந்தது. சீக்கிரம் பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்ததும் உண்டு. இடைவெளி குறைந்தது, ஆனால் எல்லா வரிக்கும் ஒரே அளவில் குறைந்தது. நிஜப் பேச்சு அப்படி இருக்காது, ஒரு வரி மேலே ஏறி விழும், இன்னொன்று ரொம்ப நேரம் தொங்கும்.

கோத்தகிரிக்கு ஷூட்டிங்குக்கு ஆறு நாள் முன்னாலேயே போய்விட்டோம். முதல் மூன்று நாள் டைரக்டர் வசனத்தைத் தொடவே விடவில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவின் தோட்டத்தில் காலையில் இரண்டு பேரும் கொழுந்து பறித்தார்கள். அந்த அம்மா நடிகையிடம், "கண்ணு, முத்தின இலையை விடு, ரெண்டு இலை ஒரு கொழுந்து மட்டும் கிள்ளு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பறித்த இலையைச் சாக்கில் கட்டி, ஒருவர் தூக்கிவிட மற்றவர் தோளில் ஏற்ற வேண்டும், சரிவில் நின்றபடி. முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் தூக்கினார்கள், அப்படியும் மூட்டை ஒரு பக்கம் சாய்ந்து நடிகரின் கழுத்தில் கயிறு உரசிவிட்டது. மூன்றாவது நாள் எண்ணுவது நின்றுபோனது. நடிகை மூட்டையின் அடி மூலையைப் பிடித்து முழங்காலைக் கொஞ்சம் மடக்குவார், அதைப் பார்த்ததும் நடிகர் தோளைத் தாழ்த்துவார், அவ்வளவுதான், மூட்டை மேலே போய்விடும். பாரம் பொய் சொல்லவிடாது, ஒரு கணம் தப்பினாலும் இன்னொருவர் முதுகில் வலிக்கும். பன்னிரண்டு வருஷத்தை ஆறு நாளில் கொண்டுவர முடியாது, ஆனால் எதிராளியின் உடம்பைப் பார்த்து அடுத்த அசைவை ஊகிக்கும் பழக்கத்தைக் கொண்டுவரலாம் என்று அன்று தோன்றியது.

நாலாவது நாள் வசனம். அதிலும் முதலில் அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரின் பயிற்சிதான்: எதிரெதிரே உட்கார்ந்து, "காதில் மண் இருக்கு" என்று ஒருவர் பார்த்ததைச் சொல்ல, "காதில் மண் இருக்கு" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும், எதிரில் ஏதாவது மாறும்வரை அதே வரிதான். வெளியிலிருந்து பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் போனதும் வார்த்தைக்கு அர்த்தமே போய், குரலில் மாறுவதை மட்டும் கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த இரண்டு பேரும் நண்பர்களாகவில்லை. பேக்கப் ஆனதும் வேறு வேறு வண்டியில்தான் போவார்கள், சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து அவரவர் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே ஒட்டிக்கொண்டு திரியும் ஜோடி திரையில் விறைத்து நிற்பதையும் வேறு படங்களில் பார்த்திருக்கிறேன். கேமரா முன்னால் எதிராளியைக் கேட்கத் தயாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

எடிட்டர் என்னிடம் வாதாடினார், க்ளோசப் கொடு, கெமிஸ்ட்ரியை நான் வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரே முகத்துக்குப் பக்கத்தில் சூப்பையும் சவப்பெட்டியையும் மாற்றி மாற்றி ஒட்டி, பார்க்கிறவர்களே அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் படித்துக்கொள்ள வைத்தார். எங்கள் படத்திலும் ஒரு போன் காட்சியை அப்படித்தான் காப்பாற்றினோம், பதினைந்து ஃப்ரேமை ஐந்தாக வெட்டினால் யாருக்கும் தெரியாது. டூ ஷாட்டில் அந்த வழி அடைபட்டுவிடும், இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்போது ஒருவருடைய காத்திருப்பை மட்டும் வெட்டி எறிய முடியாது.

கடன் சண்டைக் காட்சியை எடுத்த அன்று மத்தியானமே மேகம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தோட்டம் மறைய ஆரம்பித்தது, வெளிச்சம் இருக்கும்வரை ஒரே டேக் என்றார் டைரக்டர், ஒருவர் தோளுக்கு மேலிருந்து மற்றவரை எடுக்கும் சஜஷனும் க்ளோசப்பும் நாளைக்கு என்று டூ ஷாட்டை மட்டும் வைத்தோம். நடிகர் பணக்கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்து "மிச்சம்" என்ற வார்த்தையில் லேசாகத் தடுமாறினார், ஸ்கிரிப்டில் அது கிடையாது. நடிகை அவரைப் பார்க்கக்கூட இல்லை, டீ வடிகட்டிக்கொண்டிருந்த கை நின்றது, "எவ்வளவு?" என்று கேட்டார். எழுதியிருந்த வரி வேறு. பிறகு டைம்லைனில் எண்ணிப் பார்த்தேன், நாலு ஃப்ரேம். க்ளோசப் எடுக்கவே இல்லை, படத்தில் இருப்பது அந்த டேக்தான்.