பந்து போன பிறகு சுற்றும் மட்டை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஹாலில் 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. கோடை விடுமுறைக்கு மகனுக்கு பிஎஸ்5 என்ற கேம் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அவன் ஆடுவது பெரும்பாலும் கிரிக்கெட் கேம்தான். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு, பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினாயா, முன்பே அழுத்தினாயா, தாமதமா என்று அந்த கேம் திரையில் காட்டும். எங்கள் வீட்டில் பத்துக்கு எட்டு பந்து ‘லேட்’. அதே பையன் கம்மனஹள்ளியில் நண்பன் வீட்டில், கம்ப்யூட்டர் மானிட்டரில் ஆடும்போது ஒழுங்காக அடிக்கிறான்.

“அப்பா, நான் கரெக்டாதான் அமுக்குறேன், டிவிதான் லேட்டா காட்டுது” என்றான். முதல் வாரம் நான் நம்பவில்லை. வைஃபை மெதுவாக இருக்கிறது என்று நினைத்து ரூட்டரை இடம் மாற்றிப் பார்த்தேன். அவன் ஆடுவது கம்ப்யூட்டர் அணியோடு, வீட்டுக்குள்ளேயே. அதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் என் மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். “அத்தான், மொதல்ல அளந்து பாருங்க. அளக்காம எதையும் வாங்காதீங்க” என்றான். அவன் சொல்லிக் கொடுத்த முறைக்கு ஒரு போன் போதும். போன் கேமராவில் ஸ்லோமோஷனை விநாடிக்கு 240 ஃபிரேம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரை டிவிக்கு முன்னால் பிடித்து, பட்டனும் திரையும் ஒரே காட்சியில் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். அப்புறம் அந்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, விரல் பட்டனை முழுதாக அழுத்திய ஃபிரேமிலிருந்து திரையில் மட்டை அசைந்த முதல் ஃபிரேம் வரை எண்ண வேண்டும். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 4.17 மில்லி விநாடி.

பத்து முறை அழுத்தி எண்ணினோம். சராசரி 54 ஃபிரேம், அதாவது 225 மில்லி விநாடி. ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் மூன்று நான்கு ஃபிரேம் வித்தியாசம் வந்தது. அதில் தவறில்லை. கேம் விநாடிக்கு 60 படம் வரைகிறது, ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. அந்த இடைவெளிக்குள் நாம் எப்போது அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த அளவு ஏறி இறங்கும். அதனால்தான் ஒரே ஒரு முறை எண்ணிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

இந்த 225 முழுவதும் டிவியின் குற்றம் அல்ல. கன்ட்ரோலர், கேம், டிவி மூன்றின் தாமதமும் அதில் சேர்ந்திருக்கிறது. டிவியின் பங்கு எவ்வளவு என்று அறிய, டிவியில் மட்டும் ஏதாவது மாற்றிவிட்டு மறுபடி எண்ண வேண்டும்.

டிவி ஏன் தாமதிக்கிறது என்பதை மைத்துனன் விளக்கியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. சினிமாவும் சீரியலும் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் தெரிய, இன்றைய டிவிகள் இரண்டு படங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு படத்தைத் தாங்களே வரைந்து செருகுகின்றன. நடுவில் இருப்பதை வரைய வேண்டுமென்றால் அடுத்த படம் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே வந்த படத்தை உடனே காட்டாமல், அடுத்தது வரும்வரை பிடித்து வைத்திருக்கின்றன. படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வேலைக்கும் முன்பின் படங்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது. படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒலியையும் டிவி அதே அளவு தள்ளிப்போட்டு உதட்டசைவோடு பொருத்திவிடும். கையில் கன்ட்ரோலர் இருப்பவனுக்குத்தான் அது உறுத்தும்.

கேம் மோட் என்பது இந்த வேலைகளைத் தவிர்த்துவிட்டு, வந்த படத்தை நேராகத் திரைக்கு அனுப்பும் வழி. “அதை நாங்க ஏற்கெனவே போட்டாச்சே” என்றேன். பிக்சர் மெனுவில் ஸ்டாண்டர்ட், சினிமா, ஸ்போர்ட்ஸ் என்ற வரிசையில் ‘கேம்’ என்றும் ஒன்று இருந்தது. மகன் முதல் நாளே அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். நாங்கள் ஏமாந்தது இங்கேதான். எங்கள் டிவியில் அது வெறும் நிற அமைப்பு. உண்மையான கேம் மோட் சுவிட்ச் பொது அமைப்புகளில், வெளிக் கருவிகள் என்ற பகுதிக்குள் தனியாக இருந்தது. அதுவும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி. ஒரு போர்ட்டில் போட்டுவிட்டு ஒயரை இன்னொன்றில் மாற்றிச் செருகினால் மறுபடி பழைய கதைதான்.

எல்லா டிவியிலும் இப்படி இருக்காது. சிலவற்றில் பிக்சர் மெனுவில் இருக்கும் கேமே உண்மையான கேம் மோட். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேம் மோட் சரியாக இயங்கினால் அசைவை மென்மையாக்கும் அமைப்பும் இரைச்சல் நீக்கும் அமைப்பும் மெனுவில் மங்கிப்போய், தொட முடியாதபடி இருக்கும், இல்லையென்றால் தாமே அணைந்திருக்கும். எங்கள் டிவியில் அவை இரண்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன.

சுவிட்சைப் போட்டு மறுபடி பத்து முறை எண்ணினோம். சராசரி 29 ஃபிரேம், 121 மில்லி விநாடி. டிவி மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது ஏறத்தாழ 104 மில்லி விநாடி! மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து நிஜ ஆடுகளத்தில் அந்த நேரத்துக்குள் நான்கு மீட்டர் கடந்துவிடும். பையன் சொன்னது முழு உண்மை. அவனை ஒரு வாரம் நம்பாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இரண்டு நாள் அவனுக்குத் திரையில் முன்பே அழுத்தியதாக வந்துகொண்டிருந்தது. தாமதத்துக்கு ஈடாக முன்கூட்டியே அழுத்தக் கை பழகிப்போயிருந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

இதற்கு நடுவில் நான் ஒரு பெரிய கடைக்குப் போய் விசாரித்திருந்தேன். “உங்க டிவி பழைய எச்டிஎம்ஐ சார், 2.1 இருக்கிற டிவி வாங்கினா லேட் ஆகாது” என்றார்கள். வாங்காமல் திரும்பியது நல்லதாகப் போயிற்று. எச்டிஎம்ஐ பதிப்பு எண் என்பது குழாயின் அகலம் மாதிரி. 2.0-வில் விநாடிக்கு 18 ஜிகாபிட், 2.1-இல் 48 வரை போகும். அகலமான குழாய் இருந்தால் 4கே படத்தை விநாடிக்கு 120 முறை அனுப்பலாம். ஆனால் டிவியின் பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால் அந்த அகலத்தால் பயனில்லை. எங்கள் டிவி பெட்டியில் 120 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது அசைவு மென்மையாக்கலுக்கு வைத்த விளம்பர எண், பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். பிஎஸ்5-இல் `Settings > Screen and Video > Video Output` போய்ப் பார்த்தால், இப்போது என்ன சிக்னல் போகிறது என்பது தெரிந்துவிடும். பெட்டியை நம்புவதைவிட அதை நம்பலாம்.

இன்னொன்று, 2.1 என்று எழுதியிருந்தாலே எல்லா வசதியும் இருக்கிறது என்று பொருள் அல்ல. அந்தப் பதிப்பின் வசதிகளில் சிலவற்றை மட்டும் கொடுத்துவிட்டும் அந்த எண்ணைப் போடலாம். கடையில் எண்ணைக் கேட்காமல், 4கே 120 ஹெர்ட்ஸ் எந்தெந்த போர்ட்டில் வரும், விஆர்ஆர் உண்டா, ஏஎல்எல்எம் உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏஎல்எல்எம் என்பது கேம் தொடங்கியதும் டிவியைத் தானாகக் கேம் மோடுக்கு மாற்றுவது. விஆர்ஆர் என்பது கேமின் படவேகம் ஏறி இறங்கும்போது திரையும் அதோடு ஒத்துப்போவது. 60-இலிருந்து 120 ஹெர்ட்ஸுக்குப் போனால் ஒரு படத்தின் நேரம் 16.7-இலிருந்து 8.3 மில்லி விநாடியாகக் குறையும். வேகமாகச் சுடும் கேம் ஆடுபவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். எங்களுக்கு ஒரு சுவிட்சில் கிடைத்த 104-க்கு முன்னால் அது சின்னத் தொகை.

அந்த `Video Output` திரையில் வேறொன்றும் கண்ணில் பட்டது. வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் எச்டிஆர் இல்லை என்றும், நிற வடிவம் `YUV420` என்றும் இருந்தது. நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் வடிவம் அது. பச்சைப் புல் மேல் சிவப்பு எழுத்துகள் மசமசவென்று தெரிந்ததற்கு அதுதான் காரணம். அந்த போர்ட்டைப் பழைய குறுகிய நிலையிலேயே வைத்துத்தான் டிவி கம்பெனி விற்றிருக்கிறது. மெனுவில் அந்த போர்ட்டின் சிக்னல் வடிவத்தை ‘என்ஹான்ஸ்ட்’ என்று மாற்றியதும் எச்டிஆர் வந்துவிட்டது. கூடவே, சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரை இரண்டு விநாடி கறுப்பாகி மீண்டது. செட்டாப் பாக்ஸுக்கு வந்த பழைய ஒயரைச் செருகியிருந்தோம். அந்த ஒயரால் 18 ஜிகாபிட்டைத் தாங்க முடியவில்லை. ஒயர் மோசமாக இருந்தால் திரை அணையும், வெள்ளைப் புள்ளிகள் மின்னும். தாமதம் மட்டும் ஒயரால் வராது. எஸ்.பி. ரோட்டில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற சான்று ஒட்டிய இரண்டு மீட்டர் ஒயர் வாங்கி மாட்டினேன். அதோடு கறுப்புத் திரை நின்றது.

கேம் மோடில் படம் நீலம் பாய்ந்து வெளிறித் தெரிகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. இதைச் சரிசெய்யத் தயங்க வேண்டாம். வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறம், நிற வெப்பம் ஆகியவற்றை மாற்றினால் எங்கள் டிவியில் ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை. நிற வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் தள்ளி, ஷார்ப்னஸைக் குறைத்து வைத்தேன். பிறகு பிஎஸ்5-இல் `Adjust HDR` ஒரு முறை செய்தேன். அதைக் கேம் மோட் போட்ட பிறகு செய்வதுதான் முறை, முன்பு செய்த அளவு இதற்குப் பொருந்தாது. கேம் மோடுக்குள்ளேயே அசைவை மென்மையாக்கும் தனி அமைப்பு ஒன்று இருந்தது. அதைப் போட்டு எண்ணியபோது ஏழு ஃபிரேம் கூடியது. அணைத்துவிட்டோம்.

படம் சரியான பிறகுதான் ஒலி பின்தங்குவது தெரிந்தது. மட்டையில் பட்டு பந்து பறந்த பிறகு ‘டொக்’ என்று கேட்டது. சவுண்ட்பார் புளூடூத்தில் இருந்தது. டிவியின் ஒலியை ஒயர் வழியாக வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டுக்கு மாற்றியதும் சத்தம் பந்தோடு சேர்ந்துகொண்டது.

மீதமிருக்கும் 121 மில்லி விநாடியில் பெரும்பகுதி கேமுடையது. டிவியில் அதற்கு வைத்தியம் இல்லை. கேமின் சொந்த அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அழகான படத்துக்காக விநாடிக்கு 30 படமாகக் குறைக்கும் நிலை தாமதத்தைக் கூட்டும்.

போன மாதம் டிவி தானாக ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக்கொண்டது. அன்று மாலை மகன், “அப்பா, மறுபடி லேட்” என்றான். இந்த முறை எதுவும் கேட்காமல் போனை எடுத்தேன். 53 ஃபிரேம். வெளிக் கருவிகள் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் கேம் மோட் அணைந்திருந்தது.