302-இல் எத்தனை பத்து?

ஆண்டு 2 கணித நோட்டுகளைத் திருத்தும்போது 302 − 178 என்ற கணக்குக்கு வரும் தவறான விடைகளைக் கவனித்தால் ஒன்று புரியும். அவை கண்டபடி வருவதில்லை. 276, 174, 104, 134, 224 ஆகிய இவைதான் திரும்பத் திரும்ப வரும். சரியான விடை 124. பாட ஆய்வு, அதாவது பள்ளிகளில் நாம் ‘லெசன் ஸ்டடி’ என்று சொல்லிப் பழகியது, இந்த எண்களிலிருந்து தொடங்கினால் உருப்படும். “மாணவர்களின் ஆர்வத்தை வளர்த்தல்” போன்ற அகலமான நோக்கத்திலிருந்து தொடங்கினால் கோப்பில் படம் ஒட்டுவதோடு முடிந்துவிடும்.

பாட ஆய்வு ஜப்பானியப் பள்ளிகளில் ஊறிய வழக்கம். நம் மலேசியாவில் தொழில்முறைக் கற்றல் குழுக்களோடு சேர்ந்து பள்ளிகளுக்குள் வந்தது. நான்கைந்து ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் உற்றுநோக்குவார்கள். அன்றே உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். சொல்வதற்கு எளிதுதான். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரத்துத் தமிழ்ப்பள்ளியில், ஆண்டுக்கு ஒரே வகுப்பு, வகுப்பில் 14 பேர் என்று வைத்துக்கொண்டு, இந்தக் கழித்தல் பாடத்தையே பார்ப்போம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதில் பாடத்திட்டம் எழுதக்கூடாது. தவறான விடை ஒவ்வொன்றும் எந்த வழியில் வந்தது என்று மட்டும் பேச வேண்டும். 276 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது: 8-இலிருந்து 2, 7-இலிருந்து 0, 3-இலிருந்து 1. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அதற்குப் பொருட்டில்லை. 174 எழுதிய பிள்ளை நூற்றில் ஒன்றை எடுத்து நேரே ஒன்றின் இடத்தில் போட்டு 12 ஆக்கிக்கொண்டது. பத்தின் இடத்தில் 0-இலிருந்து 7 போகாததால் 7 என்றே எழுதிவிட்டது. அதே பிள்ளை அங்கே 0 என்று எழுதினால் 104. நூற்றைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்தும், பத்தின் இடத்தை 9 ஆக்க மறந்தால் 134. நூற்றைக் குறைக்க மறந்தால் 224.

174-உம் 104-உம் எங்கிருந்து வருகின்றன என்று குடைந்தால் பழி நம் வாயில் வந்து விழும். “பக்கத்து வீட்டுல கடன் வாங்கு. அங்க இல்லன்னா அடுத்த வீட்டுல வாங்கு.” கழித்தல் சொல்லிக்கொடுக்கும் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறோம். பிள்ளை சொன்னதைத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டில் சுழியம், அதனால் அடுத்த வீட்டுக்குப் போய் ஒன்றை வாங்கி நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. வாங்கியது நூறு என்பதும், அது பத்தின் இடத்தைத் தாண்டும்போது பிரிய வேண்டும் என்பதும் அந்தக் கதையில் எங்கும் இல்லை. தமிழில் எண்ணைச் சொல்லும் முறையும் இதற்குத் துணைபோகிறது. ‘முந்நூற்று இரண்டு’ என்னும்போது பத்தே காதில் விழுவதில்லை.

இரண்டாம் கூட்டத்தில்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இது. பாடநூலில் கண்ணில் பட்ட கணக்கை எடுத்துக்கொள்வார்கள். 305 − 159 என்று வைத்தால் என்ன ஆகும்? சரியான விடை 146. நூற்றிலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவிய பிள்ளைக்கு 156 வரும். பத்தை 9 ஆக்க மறந்த பிள்ளைக்கும் அதே 156 வரும். ஏனென்றால் 0-க்கும் 5-க்கும் இடையே 5, 10-க்கும் 5-க்கும் இடையே 5. முற்றிலும் வேறான இரண்டு குழப்பங்கள் ஒரே விடைக்குள் ஒளிந்துகொள்கின்றன. நோட்டைப் பார்க்கும் ஆசிரியரால் பிரித்தறிய முடியாது. ஆகவே கழிக்கும் எண்ணின் பத்தின் இடத்தில் 5 இருக்கக்கூடாது. 178-இல் 7 இருப்பதால் ஒவ்வொரு குழப்பமும் தனி விடையாக வெளியே வரும்.

அதே கூட்டத்தில் ஒரு முன்கணிப்பு அட்டவணையும் தயாராக வேண்டும். இடப்பக்கம் எதிர்பார்க்கும் விடை, நடுவில் அதன் காரணம், வலப்பக்கம் அந்த விடையைக் கண்டதும் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வி. கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது நல்லது. “விளக்குவார்” என்று எழுதி விட்டுவிட்டால் வகுப்பில் அந்த விளக்கம் மறுபடியும் கடன் கதையாகத்தான் இருக்கும். நாள் பாடத்திட்டத்துக்கு இந்த அட்டவணை மாற்று அல்ல, கூடுதல். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், இதையே எழுதச் சொல்வேன்.

துணைப்பொருளுக்கு முதலில் தோன்றுவது விளையாட்டுப் பணம். 100, 10, 1 ரிங்கிட் தாள்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மளிகைக் கடையில் சில்லறை மாற்றத் தெரியும், அதனால் கழித்தலுக்குப் பொருத்தம் என்று தோன்றும். நடத்திப் பார்த்தால் வேறொன்று நடக்கும். 302 ரிங்கிட்டில் 178 ரிங்கிட் கொடுக்கச் சொன்னால், விவரமான பிள்ளை இரண்டு நூறு தாளை நீட்டி 22 ரிங்கிட் மீதி வாங்கிக்கொண்டு, கையிலுள்ள 102-உடன் சேர்த்து 124 என்று சொல்லிவிடும். சரியான விடைதான், அழகான வழியும்கூட. ஆனால் நூறு பிரியவே இல்லை. அன்றைய பாடத்தின் நோக்கம் அந்தப் பிள்ளையிடம் நடக்கவே இல்லை. அட்டவணையில் இந்த விடைக்கு இடமில்லாததால் நடத்துபவர் “சரி” என்று சொல்லிக் கடந்துபோவார். உற்றுநோக்குபவர் பிடிக்க வேண்டியது இதைத்தான்.

உற்றுநோக்குவதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய வியாதி ஒன்று உண்டு. வகுப்பின் பின்சுவரோரம் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆசிரியரைப் பார்ப்பது. அங்கிருந்து தெரிவது 14 முதுகுகள். பக்கவாட்டில் நின்றால்தான் முகமும் கையும் நோட்டும் தெரியும். நான்கு பேர் நோக்குகிறார்கள் என்றால் ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, பாடம் முடியும்வரை அவர்களை மட்டும் தொடர வேண்டும். கையில் இருக்கை வரைபடம் ஒன்று போதும். நேரம், பிள்ளை எழுதியது, பிள்ளை சொன்னது, அவ்வளவே எழுதலாம். “9.42, முதலில் 276, பக்கத்து நோட்டைப் பார்த்து 124 ஆக்கினாள்” என்ற ஒரு வரி, “மாணவர்கள் ஈடுபாட்டுடன் இருந்தனர்” என்ற பத்து வரிக்குச் சமம். பிள்ளை தடுமாறும்போது உதவக்கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கடினம். இன்னொன்று, அன்றைக்கு அழிப்பான் வேண்டாம். தவறானதை ஒரே கோட்டால் அடிக்கச் சொல்லிவிட்டால், பாடம் முடிந்த பிறகும் 276 காகிதத்தில் இருக்கும்.

நேரம் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாடவேளை, ஒரு மணி நேரம். பீடிகைக்கு 10 நிமிடம், தனியாகச் செய்ய 15, பலகையில் விடைகளை ஒப்பிட்டுப் பேச 20, அதே வகைக் கணக்கு ஒன்றுக்கு 10, மிச்சம் இடம் மாறவும் தாள் கொடுக்கவும் என்று திட்டத்தில் இருக்கும். முதல் முறை நடத்தும்போது பீடிகை 20 நிமிடத்தைத் தின்றுவிடும். பணத்தாளை எண்ணிப் பிரித்துக் கொடுப்பதிலேயே ஐந்து நிமிடம் போகும். வெட்டுப்படுவது எப்போதும் ஒப்பிட்டுப் பேசும் பகுதிதான். பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. மஹ்ஜோங் தாளில் 276, 174, 134, 124 நான்கையும் வரிசையாக ஒட்டி, “174 போட்டவங்க எப்படி யோசிச்சிருப்பாங்க?” என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்கும் இடம் அது. போட்டது யார் என்று பெயர் சொல்லத் தேவையில்லை.

பாடம் முடிந்த அன்றே பேச வேண்டும், மறுநாளுக்குத் தள்ளினால் குறிப்பு இருக்கும், நினைவு இருக்காது. நடத்தியவர் முதலில், அடுத்து வயதில் இளையவர், மூத்தவர் கடைசியில். துணைத் தலைமையாசிரியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் “ஆமாம் சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். “நல்லா செஞ்சீங்க டீச்சர், வகுப்புக் கட்டுப்பாடு அருமை” என்ற பேச்சைத் தலைவர் மரியாதையாக வெட்டி, “உங்க மூணு பிள்ளைங்க என்ன எழுதினாங்க?” என்று திருப்ப வேண்டும். ஆண்டு மதிப்பீட்டுக்கான வகுப்பு உற்றுநோக்கலோடு இதைக் கலந்துவிட்டால் எல்லாம் வீண். புள்ளி போடும் படிவத்தைக் கண்டதும் நடத்துபவர் பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கிவிடுவார். எல்லாருக்கும் 124 வரும். நாம் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அந்தப் பேச்சில் மாற்றம் ஒன்றோ இரண்டோதான் முடிவாக வேண்டும். ஆறு மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இங்கே இரண்டு. பணத்தை விட்டுவிட்டு ஈர்க்குக் கட்டு. பத்து ஈர்க்கு ஒரு சிறுகட்டு, பத்துச் சிறுகட்டைச் சேர்த்து ரப்பர் போட்டால் ஒரு பெருங்கட்டு. நூறு ரிங்கிட் தாளைப் பத்துப் பத்து ரிங்கிட்டாக மாற்றும்போது, இரண்டும் சமம் என்று பிள்ளை நம்ப வேண்டியிருக்கிறது. பெருங்கட்டின் ரப்பரை அவிழ்த்தால் பத்துக் கட்டுகள் உள்ளேயே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. 302 ஈர்க்கை எல்லாக் குழுவுக்கும் கட்டிக்கொண்டிருக்க முடியாது, ஆசிரியர் மேசையில் ஒரு தொகுதி போதும். இரண்டாவது, கடன் கதைக்குப் பதிலாக முதல் கேள்வியே “302-இல் எத்தனை பத்து இருக்கு?” என்பது. “இல்ல டீச்சர், சுழியம்” என்று வரும். கட்டுகளை அவிழ்த்து எண்ணினால் முப்பது. அதில் ஒன்றைப் பிரித்தால் 29 பத்தும் 12 ஒன்றும். 29-இலிருந்து 17 போனால் 12, 12-இலிருந்து 8 போனால் 4. சுழியத்தைத் தாண்டும் வேலையே இல்லை.

திருத்திய பாடத்தை யாருக்கு நடத்துவது? பெரிய பள்ளியில் அடுத்த வகுப்புக்குப் போகலாம். தோட்டப்புறப் பள்ளிகளில் பல 150-க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை, அடுத்த வகுப்பே கிடையாது. 14 பேரை ஏழு ஏழாகப் பிரித்து இரண்டு நாளில் நடத்தலாம் என்று சிலர் யோசிப்பார்கள். ஓய்வு வேளையிலேயே விடை சிற்றுண்டிச்சாலையில் பரவிவிடும். ஏழு பேரில் 174 ஒருவர்கூடப் போடாமலும் போகலாம், அப்போது ஒப்பிட்டுப் பேச ஒன்றுமில்லை. பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு சேர்ந்து, முதல் பாடம் இங்கே, இரண்டாம் பாடம் அங்கே என்று வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு தலைமையாசிரியர்களும் ஒத்துக்கொண்டு, வெளியே போகும் ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு மாற்று ஆள் வைக்க வேண்டும். பெரும்பாலும் இந்த மாற்று ஆளில்தான் திட்டம் சிக்கிக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் 405 − 268 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 137. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 263, நூற்றிலிருந்து தாவினால் 167, பத்தைக் குறைக்க மறந்தால் 147, நூற்றைக் குறைக்க மறந்தால் 237. அட்டவணையின் அதே வரிசைகளில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணி, அந்தத் தாளையும் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஆண்டு 2-க்கு வரும் ஆசிரியர் முதலில் தேடுவது அதைத்தான்.